படத்துப் பொருள் தரையில் நிற்பதற்கான நிழற்குறிப்பு

சங்கங்களின் சரக்குகளை வாங்குவோர் பலர் இக்காலத்தில் முதலில் காண்பது பொருளையன்று. கைபேசித் திரையில் தோன்றும் அதன் படத்தையே. படத்தைத் திருத்துவோர் பொருளை மட்டும் கத்தரித்தெடுத்து, வெண்மையான பரப்பின்மேல் வைத்துக் கொடுக்கின்றனர். கத்தரிக்கும்பொழுது பொருளின் அடியிலிருந்த நிழலும் போய்விடுகிறது. அதனால் பொருள் அந்தரத்தில் மிதப்பதுபோலத் தோன்றுகிறது. அதன் பருமனும் கனமும் பார்ப்பவர் மனத்தில் பதிவதில்லை.

இதற்குப் பரிகாரமாக நம் அங்கத்தினர்கள் வேலை உத்தரவில் "நிழல் சேர்க்கவும்" என்று இரண்டு சொற்கள் எழுதுவதுண்டு. அது போதாது. அவ்வுத்தரவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் Drop Shadow என்னும் ஆயத்த நிழலே. பொருளின் உருவத்தையே கறுப்பாக்கிச் சற்றுத் தள்ளி வைக்கும் அந்த நிழல், சுவருக்கு முன்னே தொங்கும் காகிதத்துக்குப் பொருந்தும். தரையில் நிற்கும் பொருளுக்குப் பொருந்தாது. ஆகையால் எத்தகைய நிழல் வேண்டும் என்பதை நாமே தெளிவாக எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

நெல் உலர்த்தும் களத்தில் மாலை வெயிலில் ஒரு கோலை ஊன்றிப் பார்த்தால் நிழலின் இயல்பு விளங்கும். கோல் மண்ணைத் தொடும் இடத்தில் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். கோலின் நுனி வீழ்த்தும் நிழலோ ஓரம் கலங்கி மங்கியிருக்கும். சூரியன் ஒரு புள்ளியன்று, வட்டம்; அதன் ஒளி பல திசைகளிலிருந்து வருவதால் ஓரம் கலங்குகிறது. நிழல் வீழ்த்தும் பாகத்துக்கும் தரைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால், கலங்கல் ஏறக்குறைய 1 செ.மீ. அகலமாகும். படம் பிடிக்கும் அறையில் ஒளி இன்னும் பரந்தது. 60 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் திரைவிளக்கை 120 செ.மீ. தொலைவில் வைத்தால், கலங்கலின் அகலம் இடைவெளியில் பாதியாகும். இடைவெளி இல்லாத இடத்தில் கலங்கலும் இல்லை. பொருள் தரையைத் தொடுகிறது என்று கண்ணுக்குச் சாட்சி சொல்வது இந்தக் கூரிய, கருத்த ஒட்டுநிழலே.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளில் அடி உருண்டு கனத்து, சாய்த்தாலும் நிமிரும் ராஜா ராணி பொம்மையை எடுத்துக்கொள்வோம். நிழல் விஷயத்தில் இதைவிடக் கடினமான பொருள் சிலவே. 20 செ.மீ. உயரமும், 6 செ.மீ. ஆரமுள்ள அடியும் உடைய பொம்மை என்று வைத்துக்கொள்வோம். அது தரையை ஒரே புள்ளியில் தொடுகிறது. அப்புள்ளியிலிருந்து 1 செ.மீ. தள்ளினால் அடிக்கும் தரைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 2 செ.மீ. தள்ளினால் மூன்றரை மில்லிமீட்டர், 4 செ.மீ. தள்ளினால் 15 மில்லிமீட்டர். ஆதலால் நடுவில் 1 செ.மீ. ஆரத்துக்குள் மட்டுமே நிழல் கருமையாக இருத்தல் தகும். அதைச் சுற்றி 4 செ.மீ. ஆரம் வரையில், ஓரம் முக்கால் செ.மீ. அளவு கலங்கிய இளநிழல் வேண்டும். அதற்கும் அப்பால், உடலும் தலையும் வீழ்த்தும் மிக மெல்லிய நிழல், ஒளிக்கு எதிர்ப்பக்கமாகப் படரலாம். கருமை முதலதற்கு நூற்றுக்கு 70, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 10 என்று தொடங்கிப் பார்ப்பது எம் வழக்கம். இது கணக்கில் வந்ததன்று, கண்ணுக்கு இசைந்த அளவு.

தரையில் வட்டமாக விழும் நிழல் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். காமிரா தரைக்கு 15 பாகை மேலிருந்து நோக்கினால், நீள்வட்டத்தின் உயரம் அகலத்தில் சுமார் கால் பங்கு. இதைக் கவனியாமல் தடித்த வட்டத்தை வரைந்துவிட்டால், பொம்மை சரிந்த தரையில் நிற்பதாகத் தோன்றும்.

பலரும் தவறுவது வேறோர் இடத்தில். கருநிழலின் நடுவைப் பொம்மையின் கீழ் விளிம்பில் வைத்துவிடுகின்றனர். மேலிருந்து நோக்கும்பொழுது உருண்டையின் கீழ் விளிம்பு அது தரையைத் தொடும் புள்ளியன்று. தொடும் புள்ளி உருண்டைக்குப் பின்னே மறைந்திருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட பொம்மையில் அது விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் மேலே உள்ளது. கருநிழலின் நடுவை அங்கே வைத்தால், விளிம்புக்குக் கீழே ஒரு நூலிழை அளவே கருமை எட்டிப்பார்க்கும். அவ்வளவே வேண்டுவது. சற்றுக் கீழே இறக்கினால் பொம்மை எழும்பிவிடுகிறது. எவ்வளவு கருமை ஏற்றினாலும் பிறகு இறங்காது.

நெசவாளர்களுக்கு உரியது மடித்த சேலை. 1955-இல் தொடங்கிய திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சேலையாயினும், வேறு ஊர்ச் சேலையாயினும், மடித்த பட்டுக்கு நான்கு பக்கமும் ஒரே நிழல் இடுதல் பிழை. மடிப்பு வளைந்து மேலெழும் பக்கத்தில் ஒட்டுநிழல் உள்ளடங்கியிருக்கும். ஓரங்கள் அடுக்காக முடியும் பக்கத்தில் வெளிவிளிம்பை ஒட்டி மயிரிழைக் கோடாக இருக்கும். மொடமொடப்பான பட்டின் மூலை சற்றுத் தூக்கிக்கொண்டிருந்தால், அங்கே கருமை விட்டுப்போய் மென்மை வரவேண்டும். அரக்குச் சேலையின் அருகே வெண்தரையில் சிறிது சிவப்பும் படியும். ஆகவே இளநிழலில் அச்சாயலைச் சேர்க்கச் சொல்லலாம்.

இனிப் பிரதிபிம்பம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பளபளப்பான தரையில் நிற்பதாகக் காட்ட விரும்புவோர், படத்தைத் தலைகீழாகப் புரட்டி அடியில் ஒட்டிவிடுகின்றனர். விளக்கின் அடித்தட்டு 20 செ.மீ. அகலமானால், அதே 15 பாகை நோக்கில், தட்டின் இரு பக்கக்கோடிகள் முன்விளிம்பைக் காட்டிலும் இரண்டரை செ.மீ. உயரத்தில் தெரியும். புரட்டிய படத்திலோ அவை அவ்வளவு கீழே இறங்கிவிடும். நடுவில் மட்டும் ஒட்டி, இருபுறமும் 5 செ.மீ. பிளவு வாய் திறந்து நிற்கும். உண்மைப் பிரதிபிம்பம் தட்டின் வளைந்த ஓரம் முழுவதிலும் ஒட்டியே தொடங்கும். விளக்கைக் கண்ணாடிப் பலகையின்மேலோ மெருகிட்ட கருங்கல்லின்மேலோ வைத்துப் படம்பிடித்தலே நேரான வழி. இயலாதபோது காமிராவைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தினால் வளைவு நேராகி, புரட்டிய படமும் பொருந்தும்.

பிரதிபிம்பத்தின் வலிமையும் நோக்கும் சாய்வைப் பொறுத்தது. கண்ணாடித் தரை நேர் மேலிருந்து நோக்கினால் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கையே திருப்புகிறது. 30 பாகையில் சுமார் 9 பங்கு. 15 பாகையில் சுமார் 25 பங்கு. மேலிருந்து எடுத்த படத்துக்கு 50 பங்குப் பிரதிபிம்பம் இட்டால் கண் நம்புவதில்லை. மெருகு குறைந்த தரையில் பிரதிபிம்பமும், தொடும் இடத்தில் தெளிவாகவும் விலக விலகக் கலங்கியும் இருக்கும்.

வலிய நிழலும் வலிய பிரதிபிம்பமும் ஒருங்கே கேட்பது முரண். தெளிந்த குளத்தில் தென்னையின் பிம்பம் தெரியும், நிழல் அரிதாகவே தெரியும். ஆடிப் பெருக்கின் செந்நீரிலோ நிழல் நன்கு விழும். தரை எத்தகையது என்று முதலில் முடிவு செய்து, ஒன்றை மேலாகவும் மற்றதைத் தாழ்வாகவும் கொள்க.

உத்தரவில் அளவுகளைப் படப்புள்ளிகளில் எழுதாமல் பொருளின் செ.மீ. அளவிலேயே எழுதுக, படம் சிறிதானாலும் பெரிதானாலும் அது மாறாது. ஒளி எப்பக்கம், காமிரா எவ்வளவு சாய்வு என்பனவும் இருக்கட்டும். மூன்று நிழல்களும் தனித்தனி அடுக்குகளாக, Multiply முறையில் அமைந்த மூலக் கோப்பையும் கேட்டுப் பெறுக. பின்புல நிறம் மாறும்பொழுது நிழலை மட்டும் திருத்த இயலும். படம் வந்தவுடன் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அப்பொழுதும் பொருள் தரையில் நின்றால் பணம் கொடுத்துவிடலாம். மிதந்தால் முதலில் ஒட்டுநிழலின் இடத்தைத் திருத்தச் சொல்லுங்கள், கருமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.