திரையில் ஓடும் வரிகள்

செய்தி வாசிப்பவர் கேமராவைப் பார்த்தே பேசுகிறார். லென்சுக்கு முன் சாய்ந்த கண்ணாடியில் எழுத்துகள் மேல்நோக்கி நகர்கின்றன. அதுதான் டெலிப்ராம்ப்டர். தாளில் சரியாக இருக்கும் வாக்கியம் அங்கே தடுக்கும். 2024 நவம்பர் காலநிலை மாநாட்டுச் செய்தியைப் பாருங்கள்:

"அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த மாநாட்டில் வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு குறைந்தது 30,000 கோடி டாலர் திரட்ட உடன்பாடு ஏற்பட்டது."

திரைக்கு இப்படி மாற்றலாம்:

```
அஜர்பைஜான் தலைநகர்
BAAKU-வில் நடந்த
மாநாட்டில் உடன்பாடு //
வளரும் நாடுகளுக்கு /
ஆண்டுக்கு குறைந்தது
முப்பதாயிரம் கோடி டாலர் /
2035-க்குள் கிடைக்கும் //
```

எழுத்து பெரிது, வரிக்கு இரண்டு மூன்று சொற்களே. வரி நீண்டால் கண்கள் இடம் வலமாக அலைவது நேயருக்குத் தெரிந்துவிடும்.

ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம், இரட்டைக் கோடு முழு மூச்சு. பொருள் முடியும் இடத்தில்தான் கோடு வர வேண்டும். 'முப்பதாயிரம்' என்பதற்கும் 'கோடி' என்பதற்கும் நடுவே வந்தால் தொகையே குழம்பும்.

'பாகு' என்றே விட்டால் சர்க்கரைப் பாகாகிவிடும். உச்சரிப்புக் குறிப்பைப் பெயருக்குப் பின்னால் எழுதினால், கண் அங்கே போவதற்குள் வாய் தவறியிருக்கும். அதனால் பெயர் இருந்த இடத்திலேயே அதை எழுதுகிறார்கள்.

கடைசியில் உரக்க வாசித்துப் பாருங்கள். கோடு வருவதற்கு முன்பே குரல் தேய்ந்தால் வாக்கியத்தை வெட்டுங்கள்.