பருவை நோண்டும் கை

"பருவைக் கிள்ளாதே, தழும்பாகிடும்" என்று எல்லா வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஏன் ஆகிறது என்றுதான் யாரும் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள, தோலில் இரண்டு அடுக்கு இருப்பதிலிருந்து ஆரம்பிக்கணும்.

மேல்தோல் காகிதம் போல மெல்லியது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதோடு நிற்கும் கீறல் தடம் தெரியாமல் ஆறிவிடும். அடியில் இருக்கும் உள்தோல் அப்படியில்லை. அங்கே கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கின்றன. அது கிழிந்தால் பழைய நெசவு அப்படியே திரும்பாது, உடம்பு அவசரத்துக்கு ஒட்டுதான் போடும். அந்த ஒட்டுதான் தழும்பு. நார் குறைவாகச் சேர்ந்தால் பள்ளம், அதிகமாகச் சேர்ந்தால் மேடு.

பரு என்பது மயிர்க்கால் குழாய்க்குள் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்து வீங்குவது. இரண்டு விரலால் அழுத்தினால் கொஞ்சம் வெளியே வரும். மீதி, குழாயின் சுவரை உடைத்துக்கொண்டு உள்தோலுக்குள் போகலாம். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்துச் சண்டை போடும். கிள்ளிய பரு ரெண்டு நாள் கழித்துப் பெரிசாகி வலிப்பது இதனால்தான்.

இந்தச் சண்டை நிறமி செல்களையும் கிளப்பிவிடும். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோல்களில் கரும்புள்ளி அதிகம் தங்க இதுவே காரணம். நிறமி மேல்தோலில் இருந்தால் பழுப்பாகத் தெரியும், சில மாதங்களில் மங்கும். உள்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல் கலந்து தெரியும், வருடக்கணக்கில் இருக்கும். வெயில் இரண்டையுமே கருக்க வைக்கும், அதனால் சன்ஸ்கிரீன் இங்கே உண்மையிலேயே உதவும். உங்கள் முகத்தில் இருப்பது நிறமா பள்ளமா என்று பார்க்க, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்தால் பள்ளம், விழாவிட்டால் வெறும் நிறம். நிறத்துக்கு க்ரீம் உதவலாம். பள்ளத்துக்கு எந்த க்ரீமும் பெரிதாக உதவாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த "வெள்ளையாக்கும்" க்ரீம் மட்டும் வேண்டாம். அது தோலை மெலியவைத்து, புதுப் பருவையும் கொண்டுவரும்.

அடுத்து பொருக்கு. அதன் அடியில் புதுச் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருக்கும். பொருக்கைப் பிய்த்தால் அவையும் கூடவே வந்துவிடும், வேலை முதலிலிருந்து தொடங்கும். ஒரு வாரத்தில் ஆறவேண்டியது ஒரு மாதம் இழுப்பது இப்படித்தான். 1962-ல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, பாலிதீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்கள் திறந்து கிடந்தவற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் மூடியதைக் காட்டினார். இன்று கிடைக்கும் ஹைட்ரோகொலாய்டு பரு ஸ்டிக்கர் அதே வழியில் வேலை செய்கிறது. காயத்தை ஈரமாக வைக்கிறது, விரலுக்கும் ஒரு தடுப்பாக இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தாலும் கை போகும். ஏனென்றால் பாதி நேரம் அது நமக்குத் தெரியாமலே போகிறது. 1973-ல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட பழக்கமாற்றுப் பயிற்சி இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. முதலில் கவனிப்பது, பிறகு கைக்கு வேறு வேலை கொடுப்பது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதை முயன்றார். முதல் வாரம் எதையும் நிறுத்தவில்லை, குறித்து வைத்தார், அவ்வளவுதான்: எப்போது, எங்கே, அதற்கு முன் கை எங்கே இருந்தது. வார முடிவில் இரண்டு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, கேமரா அணைத்த மீட்டிங். மேசையில் முழங்கை ஊன்றும், உள்ளங்கை தாடையைத் தாங்கும், விரல் தானாகச் சொரசொரப்பைத் தேடும். இன்னொன்று, இரவு பல் துலக்கும்போது குளியலறைக் கண்ணாடி. முதலாவது தெரியாமல் நடப்பது, இரண்டாவது தெரிந்தே நடப்பது. அதனால் மருந்தும் வேறு.

மீட்டிங்குக்கு: முழங்கை மேசையில் பட்டதுமே இரண்டு கையையும் மடியில் வைத்து, முஷ்டியை இறுக்கி ஒரு நிமிடம் பிடிப்பது. விரல் பருவைத் தொட்ட பிறகு நிறுத்துவது கஷ்டம். முழங்கையிலேயே பிடிப்பதுதான் சூட்சுமம். கண்ணாடிக்கு: பிரகாசமான விளக்கை மாற்றி மங்கலாகப் போட்டார், கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் நின்றார், ஸ்டிக்கரை பிரஷ் பக்கத்திலேயே வைத்தார், நகத்தை ஒட்ட வெட்டினார். ஒன்றரை மாதத்தில் மீட்டிங் பழக்கம் அநேகமாக நின்றது. கண்ணாடிப் பழக்கம் குறைந்தது, ஆனால் வேலை நெருக்கடி வாரங்களில் திரும்ப வந்தது. அப்போதெல்லாம் மறுபடி குறிப்பதிலிருந்து ஆரம்பித்தார்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. நிறுத்த முயன்றும் முடியாமல் புண் மேல் புண்ணாகிறது, மணிக்கணக்கில் நேரம் போகிறது, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு வெளியே போவதைத் தவிர்க்கிறோம் என்றால் அது வெறும் கெட்ட பழக்கம் இல்லை. 2013-ல் டி.எஸ்.எம்-5 கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்தது. தோல் மருத்துவரிடம் மட்டும் போனால் பரு குறையும், கை நிற்காது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ சேர்த்துப் பார்க்கணும். வீட்டில் இருப்பவர்கள் "கையை எடு" என்று அதட்டுவதைவிட இதைச் சொல்வது மேல்.