250 விமானம் செய்தும் தேறாத கணக்கு

1971-இல் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம், 25 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கேட்டு காங்கிரஸின் வாசலில் நின்றது. ட்ரைஸ்டார் என்ற தன் புதிய பயணிகள் விமானத்தில் ஏறக்குறைய 200 விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும் என்றது. செனட்டில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் உத்தரவாதம் கிடைத்தது. கடைசியில் 250 ட்ரைஸ்டார்கள் உருவாயின. அப்படியும் நட்டம்தான்!

200 என்ற எண் எப்படி வந்திருக்கும்?

கணக்கைச் சற்று முழு எண்களாக்கிப் பார்க்கலாம். வடிவமைக்க ஆன நிலையான செலவு சுமார் 100 கோடி டாலர். ஒரு விமானத்தின் விலையில் அதன் மாறும் செலவு போக 50 லட்சம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். இந்த மிச்சத்துக்குப் பெயர் பங்களிப்பு. 100 கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் 200. செலவு, அளவு, லாபம் மூன்றையும் இணைக்கும் பகுப்பாய்வின் அடிப்படை இவ்வளவுதான்.

இந்த வகுத்தல் எதையெல்லாம் நம்பியிருக்கிறது?

விலை மாறாது, ஒவ்வொன்றுக்கும் மாறும் செலவு ஒன்றே, நிலையான செலவு ஏறாது, செய்வதெல்லாம் விற்றுவிடும் என்ற நம்பிக்கைகளை. தேர்வில் மாணவர்கள் மனப்பாடமாக எழுதுவதும் இவற்றைத்தான்.

விமானத் தொழிலில் முதலில் உடைவது எது?

மாறும் செலவு. பெயருக்கு ஏற்ப மொத்தத்தில் மாறினாலும், ஒன்றுக்கு இவ்வளவு என்பது மாறாது என்று பாடம் சொல்கிறது. ஆனால் பட்டறையில் கை பழகப் பழக நேரம் குறையும். மொத்த உற்பத்தி இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைவதை டி.பி. ரைட் 1936-இலேயே எழுதிக் காட்டினார். சராசரி 100 மணி நேரம் என்றால், உற்பத்தி இரட்டித்ததும் 80, மீண்டும் இரட்டித்ததும் 64. ஆகவே முதல் விமானங்கள் விலைக்கு மேல் செலவை விழுங்கலாம். பங்களிப்பு பின்னால் வருபவற்றில்தான் ஊறும். செலவுக்கோடு நேராக இல்லாமல் வளைகிறது. ஆர்டர் பாதியில் நின்றால், மலிவாகச் செய்யும் கட்டத்தை நிறுவனம் எட்டுவதே இல்லை.

பெரிய ஓட்டை எது?

காலம். இதைப் பல பாடநூல்கள் பட்டியலில்கூடச் சேர்ப்பதில்லை. 100 கோடி முதலில் போய்விடுகிறது. விற்பனைப் பணமோ பல ஆண்டுகளில் சொட்டுச் சொட்டாக வருகிறது. 10 சதவீதக் கூட்டுவட்டியில் 100 கோடி ஐந்தே ஆண்டில் 161 கோடியாகும். அதை 50 லட்சத்தால் வகுத்தால் 322 விமானங்கள். வரவு இன்னும் தள்ளிப்போனால் எண் மேலும் ஏறும். பொருளியலாளர் ஊவ் ரைன்ஹார்ட் 1973-இல் இந்த மூலதனச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, தேவைப்பட்ட எண்ணிக்கை 500-ஐ நெருங்கியது.

அப்படியானால் சூத்திரம் எங்கே பொருந்தும்?

இட்லிக் கடையில் பொருந்தும். மாவு, எரிவாயு, விலை எல்லாம் ஒரு மாதத்துக்குப் பெரிதாக மாறாது. பணமும் அன்றன்றே வந்துவிடும். விற்பனை பெருகி இரண்டாவது அடுப்பும் இன்னொரு ஆளும் தேவைப்படும் நாளில் நிலையான செலவு படியேறும். அன்று கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

லாக்ஹீடுக்கோ சந்தையே பங்கு பிரிந்திருந்தது. ஏறக்குறைய அதே அளவிலான டிசி-10 விமானத்தை மெக்டொனல் டக்ளஸ் அதே வாடிக்கையாளர்களிடம் விற்றுக்கொண்டிருந்தது. ட்ரைஸ்டார் உற்பத்தியை நிறுத்துவதாக லாக்ஹீட் 1981-இல் அறிவித்தது.