கடுகிலிருந்து தர்பூசணி வரை

முதல் ஸ்கேனில் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகிறது, டாக்டரோ ஐந்து வாரம் என்கிறார். கர்ப்பக் கணக்கு, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அது ஜனவரி 1 என்றால் 280 நாள் கழித்து, அக்டோபர் 8 பிரசவத் தேதி. அந்த நாளிலேயே பிறந்தாக வேண்டும் என்றில்லை; முன்பின் ஆகும்.

இந்தக் கணக்கில் பிப்ரவரி 5 அன்று கரு கடுகளவு. பழம் என்று சொல்லக்கூட அதில் ஒன்றுமில்லை. ஆனால் பெரிய வேலையெல்லாம் இந்தக் கடுகில்தான் நடக்கிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் ஆறாவது வார வாக்கில் மூடிக்கொள்கிறது. சரியாக மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு வரலாம். அதைத் தடுக்க உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். பலருக்குச் சேதி தெரிவதற்குள் குழாய் மூடிவிடும். மார்ச் கடைசியில், பன்னிரண்டு வாரத்தில், குழந்தை எலுமிச்சம்பழ அளவு. மசக்கையில் நீங்கள் வாடிக்கிடந்த நாட்களில் இதயம், கை, கால், விரல் எல்லாம் உருவாகிவிட்டன. இனி வளர்ச்சியும் முதிர்ச்சியும்தான்.

மே 21, இருபது வாரம். இப்போது நேந்திரம்பழ நீளம். எலுமிச்சை எப்படி இவ்வளவு நீண்டது? அளக்கும் முறையும் மாறிவிட்டது. அதுவரை கால் மடங்கியிருப்பதால் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தார்கள். இப்போது குதிகால் வரை கணக்கு. எடை 300 கிராம்தான். முதல் பிரசவக்காரர்களுக்குத் துடிப்பு தெரிய ஆரம்பிப்பதும் இந்தச் சமயத்தில்தான். முதலில் அது வாயு போலவே இருக்கும்.

ஜூலை நடுவில், இருபத்தெட்டு வாரத்தில், ஒரு கிலோ பப்பாளி. ஆமாம், பாட்டி தொடவிடாத அதே பழம்தான்! ஏழாம் மாத வளைகாப்பில் வளையல் குலுங்கினால் குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள். அதில் தப்பில்லை, அந்த மாதத்தில் காது வேலை செய்கிறது. நுரையீரல்தான் தாமதம். மூச்சறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதிய அளவு சேர இன்னும் சில வாரம் பிடிக்கும். அதற்குமுன் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், நுரையீரல் முதிர அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

கடைசியில் தர்பூசணி. படங்களில் மூன்றரை கிலோ என்று போட்டிருக்கும். நம் ஊர்க் குழந்தைகள் பெரும்பாலும் மூன்று கிலோவை ஒட்டியே பிறக்கின்றன, அதில் கவலை இல்லை. இரண்டரைக்குக் கீழே என்றால்தான் எடை குறைவு.

இன்னொன்று. 'இடம் நெருக்கடி, கடைசி மாசம் துடிப்பு குறையத்தான் செய்யும்' என்று யாராவது சொல்வார்கள். அசைவின் விதம் மாறும், உதைக்குப் பதில் புரளும். ஆனால் குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.