உடம்பைத் தொடுவதா, ஒட்டுவதா?

ஆன்லைன் கடைகளில் டிரஸ் தேடும் பெண்களின் கண்ணில் ராப், ஷர்ட், ஸ்லிப், பாடிகான் என்ற நான்கு பெயர்கள் திரும்பத் திரும்பப் படுகின்றன. எல்லாமே தோளிலிருந்து முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ இறங்கும் உடைதான். படத்தைப் பார்த்துப் பிடித்ததை வாங்கிவிட்டு, வழக்கமான சைஸ் ஏன் இதில் மட்டும் சரியாக இல்லை என்று குழம்புகிறவர்கள் பலர். இந்தப் பெயர்கள் கழுத்தின் வடிவத்தையோ துணியின் டிசைனையோ குறிப்பவை அல்ல. டிரஸ் எங்கே திறக்கிறது, துணி எந்த வாக்கில் வெட்டப்பட்டிருக்கிறது, உடம்பை எவ்வளவு நெருங்குகிறது ஆகிய மூன்றையும் பார்த்தால் பெயர் தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு பெண்ணின் அளவை எடுத்துக்கொள்வோம். மார்பு 36 அங்குலம், இடுப்பு 30, தையற்காரர்கள் ‘சீட்’ என்று சொல்லும் பின்புறச் சுற்று 40. 30 அங்குல இடுப்பில் அழகாகப் பொருந்த வேண்டிய உடை, போடும்போது 36 அங்குல மார்பையோ 40 அங்குல சீட்டையோ தாண்டி வந்தாக வேண்டும். டிரஸ் தைப்பவரின் அடிப்படைச் சிக்கல் இதுதான். நான்கு வகையும் இந்த ஒரே சிக்கலுக்கான நான்கு வழிகள்.

ஷர்ட் டிரஸ்ஸின் வழி எல்லோருக்கும் தெரிந்தது. சட்டையை அப்படியே கீழே நீட்டிய உடை அது. காலர், முன்பக்கம் பட்டன் பட்டி, காஜா, பெரும்பாலும் கையில் கஃப். பட்டனைக் கழற்றினால் முழுவதும் திறந்துகொள்ளும் என்பதால், போடுவதில் பிரச்சினையே இல்லை. துணி பெரும்பாலும் பாப்ளின், லினன், டெனிம் போன்ற நெய்த துணி. இழையின் நேர் வாக்கில் வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டிய நெய்த துணி இழுத்தால் நீளாது. அதனால் தையலில் ‘லூஸ்’ விட்டே ஆக வேண்டும். நம் 36 அங்குல மார்புக்கு டிரஸ்ஸின் சுற்று சுமார் 40 அங்குலம் இருந்தால்தான் கையைத் தூக்கவும் மூச்சு விடவும் இடம் கிடைக்கும். இடுப்பு தெரிய வேண்டுமானால் பெல்ட் போட வேண்டியதுதான். உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று போய் வருவதால் சென்னை வெயிலுக்கு இந்த நான்கில் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். மார்புக்கு நேரே இரண்டு பட்டன்களுக்கு நடுவே பட்டி வாய் பிளக்கும். டிரஸ் சிறியது என்று நினைத்து அடுத்த சைஸ் வாங்குவார்கள், தோள் தொங்கிவிடும். பல நேரங்களில் கோளாறு பட்டனின் இடத்தில்தான் இருக்கிறது. மார்பின் மிக உயர்ந்த இடத்துக்கு நேராக ஒரு பட்டன் வரும்படி வைத்து, மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழும் பிரிக்க வேண்டும். அந்த இடத்தில் பட்டன் இல்லாத டிரஸ்ஸை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால், பட்டியின் உள்பக்கம் ஒரு டிச் பட்டன் வைத்துத் தைத்தால் போதும்.

ராப் டிரஸ்ஸில் பட்டனும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. முன்பக்கம் இரண்டு பாகமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிச் சுற்றி, நாடாவால் இடுப்பில் முடிச்சுப் போட வேண்டும். உள்ளே போகும் பாகத்தின் நாடா, பக்கத் தையலில் விட்டிருக்கும் ஒரு சிறு துளை வழியாக வெளியே வந்து முதுகைச் சுற்றிவரும். மேல் பாகம் ஏறி வருவதால் கழுத்து தானாகவே ‘வி’ வடிவம் பெறும். இடுப்பு 30-ஆ 32-ஆ என்பதை முடிச்சு முடிவு செய்கிறது. சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பிறகு அளவு மாறிக்கொண்டே இருக்கும் மாதங்களில் இதைப் போல ஒத்துப்போகும் டிரஸ் வேறில்லை.

அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் 1942-இல் வீட்டு வேலைக்கென்று ‘பாப்ஓவர்’ என்ற சுற்றிக் கட்டும் டிரஸ்ஸைக் கொண்டுவந்தார். ஆனால் ராப் டிரஸ் என்றதும் உலகம் நினைப்பது டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிரஸ்ஸைத்தான். அலுவலகம் போகும் பெண்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். 1976-இல் நியூஸ்வீக் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. அவர் பயன்படுத்தியது ஜெர்சி, அதாவது நம் திருப்பூர் பனியன் துணியின் இனத்தைச் சேர்ந்த பின்னல் துணி. அந்தத் தேர்வு முக்கியமானது. பின்னல் துணி உடம்பின் வளைவில் மெல்ல இறங்கும், உட்கார்ந்தால் கொஞ்சம் நீளும், எழுந்தால் பழையபடி வந்துவிடும், சுருக்கம் விழாது. அதே டிரஸ்ஸை விறைப்பான காட்டனில் தைத்தால் மடிப்பு முனைகள் உடம்பை விட்டு எழும்பி நிற்கும்.

ராப் டிரஸ்ஸின் பலவீனமும் அதன் திறப்பிலேயே இருக்கிறது. கழுத்தின் ஓரம் சாய்வாக வெட்டப்பட்டது. சாய்வாக வெட்டிய ஓரம் நாளடைவில் நீண்டு, குனிந்தால் விலகிவிடும். தைக்கும்போதே அந்த ஓரத்தில் நீளாத மெல்லிய டேப் ஒன்றை வைத்துத் தைப்பது நல்ல தையலின் அடையாளம். வாங்குவதற்கு முன் கழுத்து ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நீண்டுகொண்டே போனால், ஆறு மாதத்தில் ஊக்கு குத்திக்கொண்டு திரிய வேண்டியிருக்கும். அடுத்தது, ஒன்றன் மேல் ஒன்று ஏறும் அகலம். அணிந்தபின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேல் பாகம் மறுபக்கத் தொடையை மூடி நிற்கவில்லையென்றால் அந்த டிரஸ் ஸ்கூட்டருக்கும் கடற்கரைக் காற்றுக்கும் ஆகாது.

கடைகளில் ராப் என்று விற்பதில் கணிசமானவை உண்மையான ராப் அல்ல. முன்பக்கம் ஏறி வருவதுபோலத் தைத்து மூடிவிட்டு, முதுகிலோ பக்கவாட்டிலோ ஜிப் வைத்திருப்பார்கள். நாடா சும்மா அழகுக்கு. கோட்டைப் போல விரித்துத் தரையில் பரப்ப முடிந்தால்தான் அது ராப். போலி ராப்பில் கழுத்து விலகாது என்பது வசதி. ஆனால் இடுப்பைத் தளர்த்தவும் முடியாது. நம் 36-30-40 பெண் அதில் சைஸ் பார்க்கும்போது மூன்று அளவையும் பார்க்க வேண்டும்.

இனி வருவதுதான் எனக்கு இந்த நான்கிலும் மிகப் பிடித்தது. ஸ்லிப் டிரஸ் என்றால், ஒரு காலத்தில் உள்ளே அணிந்த ஷிம்மீஸ் வெளியே வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். தோளில் மெல்லிய பட்டை, நேரான தொங்கல், சாட்டின் அல்லது க்ரேப். நல்ல ஸ்லிப் டிரஸ்ஸில் திறப்பே இருக்காது. தலை வழியாக இறங்கும். நெய்த துணி நீளாது என்றேனே, திறப்பே இல்லாமல் அது எப்படி 36 அங்குல மார்பைத் தாண்டி 30 அங்குல இடுப்பில் படிகிறது?

பதில், நம் ஊர் ரவிக்கைத் தையற்காரர்கள் ‘கிராஸ் கட்’ என்று சொல்லும் வித்தையில் இருக்கிறது. நெய்த துணியில் நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் சதுரம் சதுரமாகப் பின்னியிருக்கும். ஒரு கைக்குட்டையை எடுத்து ஓரத்தை நேராக இழுத்தால் அசையாது. எதிர் எதிர் முனைகளைப் பிடித்து மூலைவாட்டில் இழுத்தால் நீளும், நடுவில் ஒடுங்கும். துணியை 45 டிகிரி சாய்த்து வெட்டினால் டிரஸ் முழுவதற்கும் அந்த குணம் வந்துவிடுகிறது. மார்பு வரும்போது விரிந்து வழிவிடும், பிறகு தன் எடையாலேயே கீழே இழுபட்டு ஒடுங்கி இடுப்பில் சாயும். டார்ட் வேண்டாம், ஜிப் வேண்டாம். பாரிஸில் மாடலைன் வியோனே 1920-களில் இந்த வெட்டை ஒரு முழுக் கலையாகவே வளர்த்தார். சிறிய மர பொம்மை ஒன்றில் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் வடிவம் அமைப்பார். 1990-களில் ஸ்லிப் டிரஸ் மீண்டும் தெருவுக்கு வந்தது. 1996-இல் கரோலின் பெசெட், ஜான் எஃப். கென்னடி ஜூனியரை மணந்தபோது நார்சிசோ ரோட்ரிகஸ் தைத்துக் கொடுத்ததும் இந்த வகைதான்.

ஸ்லிப் டிரஸ் உடம்பை இறுக்குவதில்லை. மேடான இடங்களில் தொட்டுவிட்டு, மற்ற இடங்களில் வழுக்கி இறங்குகிறது. அது இறுக்க ஆரம்பித்தால் தவறான சைஸ் என்று பொருள். சீட்டுக்குக் கீழே குறுக்குச் சுருக்கங்கள் விழும், நடந்தால் டிரஸ் மேலே ஏறும். நம் பெண் 40 அங்குல சீட்டைக் கணக்கில் வைத்து வாங்க வேண்டும். மார்பை வைத்து வாங்கினால் ஏமாறுவாள். விலை குறைந்தவற்றில் துணியை மிச்சப்படுத்த நேர் வாக்கில் வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் சாய்வு வெட்டுக்குத் துணி அதிகம் செலவாகும். இதைக் கண்டுபிடிக்க, டிரஸ்ஸின் நடுவே பிடித்து மேலிருந்து கீழாக இழுங்கள். துளியும் நீளாமல், பக்கத்தில் ஜிப்பும் இருந்தால் அது பெயரளவில்தான் ஸ்லிப்.

பாடிகான் இதற்கு நேர் எதிர். இங்கே வேலை செய்வது வெட்டு அல்ல, துணியின் இழுவை. பின்னல் துணியோடு லைக்ரா சேர்ந்திருக்கும். அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய இழை அது. 1980-களில் பாரிஸில் அஸ்ஸடின் அலாயாவும், பிறகு பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்த ‘பேண்டேஜ்’ டிரஸ்ஸால் எர்வே லெஜேயும் இந்த வகையைப் புகழ்பெறச் செய்தார்கள். இதில் லூஸ் விடுவதில்லை. உடம்பைவிடச் சிறியதாகவே தைக்கிறார்கள். நம் பெண் வாங்கும் பாடிகானைத் தரையில் பரப்பி மார்பை அளந்தால் 16 அங்குலம் இருக்கலாம், அதாவது சுற்று 32. ‘எனக்கு 36 ஆயிற்றே’ என்று பயந்து பெரிய சைஸ் வாங்கினால் இடுப்பில் துணி திரண்டு தொங்கும். அதே 32 ஷர்ட் டிரஸ்ஸாக இருந்தால் ஒரு பட்டன்கூடப் போட முடியாது.

துணியின் தரம் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 10 சென்டிமீட்டரைக் குறித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். 13 வரையாவது சுலபமாக நீண்டு, விட்டதும் 10-க்கே திரும்ப வேண்டும். நீண்டதும் அப்படியே நின்றால் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து எழுந்ததும் பின்பக்கம் பை போலத் தொங்கிவிடும். இழுக்கும்போது துணி வெளுத்துத் தெரிந்தால் உள்ளாடையும் தெரியும்.

தையற்காரரிடம் கொண்டுபோகும்போதும் இந்த வேறுபாடு உதவும். ஷர்ட் டிரஸ்ஸைப் பிடிக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் பிரிக்கவும் செய்யலாம். பாடிகானைச் சாதாரண நேர்த் தையலில் பிடித்தால் முதல் முறை அணியும்போதே தையல் அறுந்துவிடும். ஓவர்லாக் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கிராஸில் வெட்டிய ஸ்லிப் டிரஸ்ஸைப் புதிதாகத் தைக்கக் கொடுத்தால், கீழ் மடிப்பு அடிக்கும் முன் ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிடச் சொல்லுங்கள். சாய்வுத் துணி ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் இறங்கும். இறங்கி முடித்த பிறகு வெட்டிச் சமன் செய்தால்தான் கீழ்விளிம்பு நேராக நிற்கும்.