மார்ச் 31-க்கு முன் ஒரு மெயில்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள பல மென்பொருள் அலுவலகங்களில் அடையாள அட்டையின் பட்டையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நிரந்தர ஊழியருக்கு ஒரு நிறம், ஒப்பந்த ஊழியருக்கு இன்னொரு நிறம். இரண்டாம் வகையினர் வேலை பார்ப்பது கிளையன்ட் நிறுவனத்தில்; சம்பளம் வருவது அவர்களை அனுப்பிய ஏஜென்சியிலிருந்து.

ஒப்பந்தத்தில் கடைசி நாள் முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த நாள் வந்தால் யாரும் எதுவும் சொல்லாமலே வேலை முடிந்துவிடும். 2018 மார்ச்சில் குறித்த கால வேலையை எல்லாத் துறைகளுக்கும் விரித்த மத்திய அரசின் நிலையாணை விதித் திருத்தமே, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது முன்னறிவிப்போ அதற்கு ஈடான பணமோ கோர முடியாது என்றது. ஏஜென்சி ஒப்பந்தங்களிலும் இதே போன்ற ஷரத்து சாதாரணம். ஆகவே முதலில் கேட்க வேண்டியவர் ஊழியர்தான்.

யாரிடம், எப்போது கேட்பது? ஒரு டெஸ்டிங் பொறியாளரின் நிலையை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. மேனேஜருக்கு அவர் வேலை பிடித்திருக்கிறது. ஆனால் மேனேஜர் தலையசைத்தால் மட்டும் போதாது. ஏஜென்சிக்குப் பணம் கொடுப்பது பி.ஓ. எனப்படும் கொள்முதல் ஆணையின் பேரில். அதை நீட்டிக்க மேனேஜர் கோரிக்கை வைக்க வேண்டும், நிதிப் பிரிவு பட்ஜெட்டைப் பார்க்க வேண்டும், கொள்முதல் பிரிவு ஏஜென்சியிடம் கட்டணத்தை உறுதி செய்ய வேண்டும். இதற்குச் சில வாரங்கள் போய்விடும். மார்ச் கடைசி வாரத்தில் கேட்டால், நல்ல மனசு இருந்தும் மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். 45 முதல் 60 நாள் முன்பு, அதாவது பிப்ரவரி முதல் பாதியில் எழுதினால் அந்தக் காகிதங்கள் நகர நேரம் கிடைக்கும்.

அனுப்புவதற்கு முன் ஏஜென்சியில் தன் கணக்கைப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிளையன்டிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்று சில ஏஜென்சிகள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கிளையன்ட் அந்த ஊழியரைத் தானே வேலைக்கு எடுத்தால் ஏஜென்சிக்குக் கட்டணம் தர வேண்டும் என்ற ஷரத்தும் இருக்கலாம். நேரடி வேலை கேட்க நினைப்பவர் இதை முதலில் படித்துவிடுவது நல்லது.

பொறியாளரின் மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் அதன் சாரம் இவ்வளவுதான்:

“என் ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. பணம் செலுத்தும் பகுதிக்கான சோதனை ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் பாதி என் பொறுப்பில் உள்ளது. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் எண்ணம் இருக்கிறதா? இங்கே வாய்ப்பு இல்லையென்றால், சோதனையாளர் தேவைப்படும் வேறு குழு இருக்கிறதா? பிப்ரவரி 20-க்குள் தெரிந்தால் ஏஜென்சியிடம் சொல்லிவிடுவேன்.”

மெயிலின் பலம் இரண்டாவது வரியில் இருக்கிறது. நிதிப் பிரிவு “ஏன் நீட்டிக்க வேண்டும்?” என்று கேட்டால், மேனேஜர் அந்த வரியையே எடுத்து ஒட்டிவிடலாம். குடும்பச் சூழலோ வீட்டுக் கடனோ அந்தப் படிவத்தில் ஏறாது. சம்பள உயர்வும் இதில் வேண்டாம்; கிளையன்ட் ஏஜென்சிக்குத் தரும் கட்டணம் வேறு, ஊழியரின் சம்பளம் வேறு. அந்தப் பேச்சு ஏஜென்சியோடு.

“பார்க்கலாம்” என்று பதில் வந்தால்? அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். கொள்முதல் பிரிவு ஏஜென்சியிடம் கட்டண விவரம் கேட்டிருந்தால் காரியம் நகர்கிறது. வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க கே.டி. கூட்டங்கள் வைக்கச் சொன்னால், பெரும்பாலும் நீட்டிப்பு இல்லை. வெளியே விண்ணப்பிக்கத் தொடங்கிவிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால், தான் சொன்ன தேதி கடந்ததும் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம்.

ஒரு வாய்மொழி உறுதி மட்டும் ஆபத்தானது: “ஏப்ரலில் வேலையைத் தொடருங்கள், பேப்பர் பின்னால் வரும்.” பி.ஓ. இல்லாத நாட்களுக்கு ஏஜென்சி பில் போட முடியாது. அந்த நாட்களின் சம்பளம் சிக்கிக்கொள்ளும். பொறியாளருக்கு அப்படி ஒரு சொல் வந்தால், ஏஜென்சியிடமிருந்து நீட்டிப்புக் கடிதம் வந்ததா என்று பார்த்த பிறகே ஏப்ரல் 1 அன்று லாக்-இன் செய்ய வேண்டும். கிளையன்ட் மெயில் கணக்கு மார்ச் 31 மாலையே மூடப்படலாம் என்பதால், மேனேஜரிடம் தன் சொந்தத் தொலைபேசி எண்ணை அதற்கு முன்பே கொடுத்து வைக்க வேண்டும். மே மாதம் வேறு குழுவில் இடம் காலியானால் அவர் அழைப்பது அந்த எண்ணுக்குத்தான்.