இன்னும் வராத ரிப்பேருக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கம்பெனி தரும் வாரண்டி கம்பெனியின் பொறுப்பு. கடைக்காரர் தன் பெயரில் தரும் வாரண்டிக்குத்தான் அவர் பணம் ஒதுக்க வேண்டும்.

மிக்ஸிக்கு 2 வருட வாரண்டி தரும் ஒரு கற்பனைக் கடை. 2024-25இல் 2,000 மிக்ஸி விற்றது. மார்ச் கடைசிக்குள் 50 ரிப்பேருக்கு வந்தன. 'நூற்றுக்கு இரண்டரைதானே' என்று முதலாளி நிம்மதியாகிவிடுவார். அங்கேதான் கணக்கு சறுக்குகிறது. விற்ற மிக்ஸிகள் இன்னும் புதுசு. கப்ளர் தேய்வதும் கார்பன் பிரஷ் தீர்வதும் பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான்.

ஆகவே வாரண்டி முழுதாக முடிந்த விற்பனையைப் பார்க்க வேண்டும். 2022-23இல் விற்ற 1,000 மிக்ஸியில் இரண்டு வருடத்தில் 100 திரும்பின, அதாவது 10 சதவீதம். அந்தக் கணக்கில் 2,000க்கு 200 வரும். 50 வந்தாயிற்று, பாக்கி 150. பழைய பில்களில் சராசரிச் செலவு 400 ரூபாய். உதிரிபாகம் விலையேறி இன்று 450. ஒதுக்க வேண்டியது 67,500 ரூபாய். 2023-24 விற்பனைக்கும் இப்படியே தனியாகப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

ஒரே மாடல் திடீரென்று வரிசையாகத் திரும்பினால் பழைய சதவீதம் உதவாது. அந்த மாடலைப் பிரித்துக் கணக்கிடுவதே சரி.

வருமான வரிக்காரர்கள் இதை ஏற்பார்களா? ரோடார்க் கண்ட்ரோல்ஸ் வழக்கில், முந்தைய அனுபவத்தை வைத்து நம்பகமாக மதிப்பிட்ட வாரண்டி ஒதுக்கீட்டைச் செலவாகக் கழிக்கலாம் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய ரிப்பேர் பில்களைத் தேதிவாரியாக வைத்திருக்கும் கடைக்கே அது பயன்படும்.